வைவா கேள்விகள் உங்கள் ரெக்கார்டுக்குள்ளேயே இருக்கின்றன: ஒரு டைட்ரேஷனை எடுத்துப் பார்ப்போம்

கேள்வி: ஊட்டியில் பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் அல்லைடு கெமிஸ்ட்ரி பிராக்டிகல். ரெக்கார்டு முடித்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். சீனியர்கள் கொடுத்த வைவா கேள்வி-பதில் தாள் பத்துப் பக்கம், மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. மாடல் தேர்வில் மேடம் என் ரெக்கார்டில் ஆக்சாலிக் அமில டைட்ரேஷனைத் திறந்து, "இங்கே ஏன் சூடு பண்ணினாய், அங்கே ஏன் பண்ணவில்லை?" என்று கேட்டார். அப்படியே நின்றுவிட்டேன். மேனுவலையும் ரெக்கார்டையும் வைத்து வைவாவுக்கு எப்படித் தயாராவது?

பதில்:

அந்தப் பத்துப் பக்கத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். எக்ஸ்டர்னலாக வருபவருக்கு உங்களைத் தெரியாது. ஒரு பேட்ச்சில் இருபது பேர், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அவர் கையில் இருப்பது உங்கள் ரெக்கார்டும், அன்று நீங்கள் எழுதிய விடைத்தாளும். அதைப் புரட்டுவார், கண்ணில் படும் ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்பார். மலைக் கல்லூரிகளில் 27 வருடம் வேதியியல் ஆய்வகத்தில் நின்றிருக்கிறேன், வேறு கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னலாகவும் போயிருக்கிறேன். நான் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அப்படி விரல் வைத்த இடத்திலிருந்து வந்தவைதான்.

உங்களிடம் மூன்று இருக்கின்றன. மேனுவல், "இதைச் செய்" என்று சொல்கிறது. அப்சர்வேஷன் நோட்டில் அன்று நிஜமாக நடந்தது இருக்கிறது. ரெக்கார்டில் அதைத் துடைத்துச் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் எந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றனவோ அங்கேதான் வைவா கேள்வி இருக்கிறது. எல்லாச் சோதனைகளையும் இங்கே சொல்ல முடியாது. மேடம் உங்களிடம் கேட்ட அதே சோதனையை, ஆக்சாலிக் அமிலத்தின் அளவு காண்பதை, எடுத்துக்கொள்வோம். இதை ஒழுங்காகப் படித்துவிட்டால் மற்ற டைட்ரேஷன்களை நீங்களே பிரித்துப் படித்துவிடுவீர்கள்.

முதலில் சோதனையின் எலும்புக்கூடு. முதல் டைட்ரேஷனில், வலிமை தெரிந்த மோர் உப்புக் கரைசலை 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்து, பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் விடுகிறோம். சூடு இல்லை. இதிலிருந்து பெர்மாங்கனேட்டின் வலிமை கிடைக்கிறது. இரண்டாவதில் மோர் உப்புக்குப் பதில், கொடுக்கப்பட்ட ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி. அதே கந்தக அமிலம், அதே பெர்மாங்கனேட். ஆனால் இதில் 60–70 டிகிரி வரை சூடாக்கிவிட்டு டைட்ரேட் செய்கிறோம். இரண்டிலும் முடிவுநிலை, நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு.

இப்போது மேனுவலின் செய்முறைப் பகுதியைத் திறந்து, ஒரு வாக்கியம் படியுங்கள், நிறுத்துங்கள். ஒவ்வொரு வாக்கியத்திடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதற்கு? இதற்குப் பதில் வேறொன்றைச் செய்தால் என்ன ஆகும்? அப்படி ஆகிவிட்டது என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவதுதான் முக்கியம். சீனியர் தாளில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கும். எக்ஸ்டர்னல் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போய்விடுவார்.

"20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கவும்." இந்த ஒரு வாக்கியத்தில் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. அமிலம் எதற்கு? பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்கி, நிறமற்ற மாங்கனஸ் உப்பாக முழுதாக ஒடுக்கமடைய ஹைட்ரஜன் அயனி வேண்டும். அமிலம் போதவில்லை என்றால்? மூன்று எலக்ட்ரானோடு நின்று, மாங்கனீஸ் டை ஆக்சைடாகிவிடும். கண்ணுக்கு எப்படித் தெரியும்? குடுவையில் இளஞ்சிவப்புக்குப் பதில் தேநீர்ச் சக்கை போலப் பழுப்புக் கலங்கல் வரும். அந்தக் கலங்கல் வந்துவிட்டால் அந்த அளவீட்டை நம்பக் கூடாது, பெர்மாங்கனேட் அதிகமாகச் செலவாகியிருக்கும்.

அடுத்து, ஏன் கந்தக அமிலம்தான்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பெர்மாங்கனேட் அதிலுள்ள குளோரைடைக் குளோரினாக ஆக்சிஜனேற்றம் செய்யும், அதற்கும் பெர்மாங்கனேட் செலவாகும், அளவீடு கூடும். நைட்ரிக் அமிலம் விட்டால் அதுவே ஓர் ஆக்சிஜனேற்றி. பெர்மாங்கனேட் செய்யவேண்டிய வேலையில் கொஞ்சத்தை அது செய்துவிடும், அளவீடு குறையும். "ஒன்றில் கூடும், மற்றதில் குறையும்" என்று திசையோடு சொல்லுங்கள். "தவறான விடை வரும்" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி "எந்தப் பக்கம் தவறு?" என்றுதான் வரும்.

இன்னொன்று, நான் அடிக்கடி கேட்பது. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்தாய், கந்தக அமிலத்தை மட்டும் ஏன் மெஷரிங் சிலிண்டரில் எடுத்தாய்? பல பேர் "மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது" என்பார்கள். ஆக்சாலிக் அமிலம் கணக்கில் நுழைகிறது, ஒரு சொட்டு மாறினாலும் விடை மாறும். கந்தக அமிலம் கணக்கில் வருவதே இல்லை. 2N அமிலம் 20 மி.லி. என்பது தேவையைவிட இருபது மடங்குக்கும் மேல், அதில் அரை மி.லி. கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் ஆகாது. பிப்பெட்டைக் கரைசலால் அலசுகிறோம், கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டும் அலசுகிறோம் என்பதற்கும் இதே தர்க்கம்தான். குடுவையைக் கரைசலால் அலசினால் சுவரில் ஒட்டியது 20 மி.லி.க்கு மேல் சேர்ந்துவிடும்.

அப்புறம், உங்களை நிறுத்திய வாக்கியத்துக்கு வருவோம்.

"60–70 டிகிரிக்குச் சூடாக்கவும்." ஆக்சாலிக் அமிலத்துக்கும் பெர்மாங்கனேட்டுக்கும் இடையிலான வினை அறை வெப்பநிலையில் மெதுவாக நடக்கும். அதனால் சூடு. மோர் உப்பிலுள்ள ஃபெரஸ் அயனியோடு பெர்மாங்கனேட் உடனே வினைபுரியும், அங்கே சூடு தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சூடாக்கினால் ஃபெரஸில் கொஞ்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனாலேயே ஃபெரிக் ஆகிவிடும், பெர்மாங்கனேட்டுக்கு வேலை குறையும், அளவீடு குறையும். ஆக, ஓரிடத்தில் சூடு வேண்டும், இன்னோரிடத்தில் சூடு கெடுதல். மேடம் எதிர்பார்த்தது இந்த இரண்டு பாதியும் சேர்ந்த பதிலைத்தான்.

இதற்கு மேலும் கேட்பார்கள். "அப்படியானால் கொதிக்கவே விடலாமே?" கூடாது. அமிலத்தோடு கொதிக்கும்போது ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீர் என்று சிதைந்துபோகும். சிதைந்த பங்கை பெர்மாங்கனேட் எங்கே போய்த் தேடும்? அளவீடு குறையும். இங்கே ஊட்டியில் நீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், உயரம் 2,240 மீட்டர் என்பதால். கொதிநிலை குறைவு என்பதற்காக இங்கே கொதிக்க வைப்பது பரவாயில்லை என்று ஆகிவிடாது.

"முதலில் விட்ட சொட்டு நிறம் போக நேரமாயிற்று, பிறகு விட்டவை உடனே போயின. ஏன்?" இதை நீங்கள் ஆய்வகத்தில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினையை வேகப்படுத்துகிறது. ஆரம்பத்தில் அது இல்லை, கொஞ்சம் உண்டான பிறகு வேகம் பிடிக்கிறது. இதற்குத் தன்வினையூக்கம் என்று பெயர். பெயர் மறந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, "முதல் சொட்டு நிறம் போகும்வரை காத்திருந்துதான் அடுத்ததை விட்டேன்" என்று சொல்லி, காரணத்தையும் சொன்னால் போதும். கொஞ்சம் மாங்கனஸ் சல்பேட்டை முன்பே சேர்த்துவிட்டால் சூடில்லாமலேகூட இந்த டைட்ரேஷனைச் செய்யலாம் என்றும் சேர்த்துச் சொன்னீர்களானால், கேட்பவருக்கு உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இப்போது நம் ஊர்ச் சங்கதி ஒன்று. பல மேனுவல்களில் "ஆவி வரத் தொடங்கும் வரை சூடாக்கவும்" அல்லது "கை பொறுக்கும் சூடு வரை" என்று இருக்கும். கோயம்புத்தூரில் அந்த அடையாளம் ஓரளவு சரிவரும். இங்கே ஜனவரி காலையில், மூச்சு விட்டாலே வாயிலிருந்து புகை வருகிற குளிரில், குடுவை 45 டிகிரியைத் தொடும்போதே ஆவி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். மேனுவல் சொன்னபடிதானே செய்தோம் என்று இறக்கிவிடுவோம். ஆனால் சூடு போதாது.

அதோடு பெர்மாங்கனேட்டும் குளிர்ந்தே இருக்கிறது. சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடுவையில் 40 மி.லி. கரைசல் 70 டிகிரியில் இருக்கிறது. அதில் 12 டிகிரியில் உள்ள பெர்மாங்கனேட் 20 மி.லி. விழுகிறது. காற்றுக்குச் சூடு ஒரு துளியும் போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் முடிவில் கரைசல் ஏறக்குறைய 51 டிகிரிக்கு வந்துவிடும். 45 டிகிரியில் இறக்கியிருந்தால் 34 டிகிரிதான். காற்றின் குளிரும் சேர்ந்தால் இன்னும் கீழே. முடிவுநிலை வரும் நேரத்திலும், அதாவது ஆக்சாலிக் அமிலம் மிகக் குறைவாக மிஞ்சியிருக்கும் நேரத்திலும், வினை மறுபடி மெதுவாக நடக்கும். அதே நேரத்தில் சூடும் குறைந்திருந்தால், மிச்சம் இருக்கும்போதே இளஞ்சிவப்பு நின்றுவிட்டது போல் காட்டும். அதனால் இங்கே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 15 மி.லி. போல விட்டதும் ஒருமுறை மறுபடி சூடாக்கிக்கொள்ளுங்கள். இதை உங்கள் அப்சர்வேஷன் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தீர்களானால், "ஏன் நடுவில் மறுபடி சூடாக்கினாய்?" என்ற கேள்வி உங்களுக்குக் கிடைத்த வரம்.

இது எனக்கு எப்படிப் பழக்கமாயிற்று என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை பேட்ச், மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற மாணவி ஒருத்தி. குடுவையில் இளஞ்சிவப்பு வந்ததும் பியூரெட்டைப் பார்த்தாள், 19.7. நோட்டைத் திறந்து எழுதினாள். எழுதி நிமிர்ந்தபோது குடுவையில் நிறம் இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. எழுதியதை ரப்பரால் அழிக்கப் போனாள். நான் அழிக்க வேண்டாம் என்றேன். ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் "நிறம் மறைந்தது, குடுவை சூடு குறைவு" என்று எழுதச் சொன்னேன். அடுத்த இரண்டு முறை 65 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செய்தாள். இரண்டு முறையும் 20.2.

அவளுடைய நோட்டை வைத்தே கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கணக்குப் பக்கத்திலிருந்துதான் இன்னொரு கட்டுக் கேள்விகள் வரும். மோர் உப்பு 1.96 கிராம் நிறுத்து, 100 மி.லி. ஆக்கியிருந்தாள். மோர் உப்பின் சமான நிறை 392. ஒரு லிட்டருக்கு 19.6 கிராம், அதை 392 ஆல் வகுத்தால் 0.05N. முதல் டைட்ரேஷனில் 20 மி.லி. மோர் உப்புக்குப் பெர்மாங்கனேட் 19.8 மி.லி. ஆயிற்று. V1N1 = V2N2 என்று போட்டால் பெர்மாங்கனேட் 0.0505N. இரண்டாவதில் 20.2. ஆகவே ஆக்சாலிக் அமிலம்:

```
20.2 × 0.0505 / 20 = 0.0510 N
0.0510 × 63 = 3.213 கிராம் / லிட்டர்
```

இப்போது அந்த 63 மேல் விரல் வைப்பார்கள். ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு, மூலக்கூறு நிறை 126. வினையில் ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரானைத் தருகிறது, 126 ஐ 2 ஆல் வகுத்தால் 63. மோர் உப்பில் ஒரு ஃபெரஸ் அயனி ஓர் எலக்ட்ரானைத்தான் தருகிறது, அதனால் 392 அப்படியே நிற்கிறது. பெர்மாங்கனேட் 158, அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது, 31.6. "எப்போதும் 31.6 தானா?" என்று கேட்டால், முன்பு சொன்ன பழுப்புக் கலங்கலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று எலக்ட்ரான், ஆகவே 52.7. செய்முறைப் பக்கத்தில் "அமிலம் எதற்கு" என்று கேட்டதும், கணக்குப் பக்கத்தில் "31.6 எப்படி வந்தது" என்று கேட்டதும் ஒரே கேள்விதான். சமன்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்:

```
2KMnO4 + 3H2SO4 + 5H2C2O4 → K2SO4 + 2MnSO4 + 8H2O + 10CO2
```

இனி அந்த 19.7க்கு வருவோம். அவள் அதை அடிக்காமல், பயத்தில் அதையே விடையாகவும் வைத்திருந்தால் லிட்டருக்கு 3.13 கிராம் வந்திருக்கும். உண்மையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை சதவீதம் குறைவு. எக்ஸ்டர்னல் வந்தபோது அவளிடம் கேட்டது இதுதான்: "முதல் அளவீட்டை ஏன் அடித்தாய்?" அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நிறம் போனதைச் சொன்னாள், குடுவையைத் தொட்டுப் பார்த்தபோது வெதுவெதுப்பாக மட்டும் இருந்ததைச் சொன்னாள். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இதிலிருந்து ஒரு துணைக் கேள்வியும் வரும், கவனமாக இருங்கள். "நல்ல முடிவுநிலை வந்த பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இளஞ்சிவப்பு போய்விடுமே, அது ஏன்?" இது வேறு சங்கதி. முடிவுநிலையில் 30 வினாடி நின்றால் போதும் என்கிறோம். அதற்கப்புறம், மிஞ்சியிருக்கும் துளி பெர்மாங்கனேட் காற்றில் வந்து விழும் தூசியோடும், கரைசலில் உள்ள மாங்கனஸ் அயனியோடும் மெல்ல வினைபுரிந்து நிறமிழக்கும். நிறம் சில வினாடியிலேயே போனால் வினை முடியவில்லை என்று அர்த்தம். நிமிடங்கள் கழித்துப் போனால் கவலையில்லை. அவளுக்கு எழுதி நிமிர்வதற்குள் போய்விட்டது, அதனால்தான் அடிக்கச் சொன்னேன்.

இப்போது ரெக்கார்டு. இங்கேதான் பெரும்பாலோர் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள். அழகாக எழுதுவது தவறில்லை. ஆனால் சென்ற வருட ரெக்கார்டைப் பார்த்து எழுதும்போது அந்த வருடத்து ஆய்வகமும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒரு கல்லூரியில் நான் எக்ஸ்டர்னலாக இருந்தபோது ஒரு பையனின் செய்முறையில் "20 மி.லி. பிப்பெட் செய்து" என்று இருந்தது, கணக்கில் 25 இருந்தது. சீனியருடைய பேட்ச்சில் 25 மி.லி. பிப்பெட், இவனுடைய பேட்ச்சில் 20. அவன் கெட்டிக்காரன்தான், அன்று டைட்ரேஷனும் நன்றாகவே செய்திருந்தான். ஆனால் "இந்த 25 எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்கு அவனிடம் ஒரு நேர்மையான பதிலும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே மனது கஷ்டமாகிவிட்டது.

அதனால் இந்த வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, உங்கள் ரெக்கார்டையும் அப்சர்வேஷன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். பிப்பெட் அளவு, நிறுத்த எடை, இரண்டு டைட்ரேஷனின் பியூரெட் அளவீடுகள், அமிலத்தின் அளவு, இவ்வளவுதான் பார்க்க வேண்டியவை. எங்காவது மாறியிருந்தால் ரெக்கார்டில் கையெழுத்தான பக்கத்தை நீங்களாகத் திருத்தாதீர்கள், உங்கள் மேடத்திடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மூன்று அளவீடும் 20.0, 20.0, 20.0 என்று உட்கார்ந்திருந்தால் அதையும் பார்த்துவையுங்கள். 0.1 மி.லி. கோடு போட்ட பியூரெட்டில் அப்படி வருவது அபூர்வம், கேட்பார்கள்.

அட்டவணைப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பெர்மாங்கனேட்டை மட்டும் ஏன் மேல் விளிம்பில் வாசிக்கிறோம்? கரைசல் அடர்ந்த நிறம், கீழ்ப் பிறை கண்ணுக்குத் தெரியாது. மேல் விளிம்பில் வாசித்தால் பிழை வராதா? ஆரம்பத்தையும் முடிவையும் இரண்டையும் மேலேயே வாசிப்பதால் கழிக்கும்போது அந்த வித்தியாசம் அடிபட்டுப் போய்விடும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே வாசித்தால்தான் பிழை.

அதேபோல், பிப்பெட்டின் மேல் அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை வாசித்துவையுங்கள். 20 °C அல்லது 27 °C என்று இருக்கும், அந்த வெப்பநிலையில் அளவு குறித்தது என்று பொருள். "உங்கள் ஊரில் 12 டிகிரி, அப்போது தவறாகாதா?" என்று ஓர் எக்ஸ்டர்னல் ஒரு மாணவனிடம் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். 12 டிகிரிக்கும் 20க்கும் நடுவில் நீரின் பருமன் மாறுவது 0.13 சதவீதம் போல, 20 மி.லி.யில் 0.03 மி.லி.கூட இல்லை. பியூரெட்டின் ஒரு சின்னக் கோடே 0.1 மி.லி. அதனால் நம் அளவீட்டில் அது தெரியாது. ஆனால் சூடான கரைசலைப் பிப்பெட் செய்தால் தெரியும், அதனால்தான் பிப்பெட் செய்த பிறகு சூடாக்குகிறோம், சூடாக்கிய பிறகு பிப்பெட் செய்வதில்லை.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்றே ஒன்று. ரெக்கார்டில் எதையும் கிறுக்காதீர்கள். அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில், பென்சிலில், கேள்வியை மட்டும் எழுதுங்கள், பதிலை எழுத வேண்டாம். "ஏன் HCl இல்லை", "63 எப்படி", "19.7 ஏன் அடித்தேன்" என்று இரண்டு மூன்று சொல் போதும். அப்புறம் உங்கள் டேபிள் பார்ட்னரிடம் நோட்டைக் கொடுத்து, அவரை விரல் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லிப் பாருங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். பதில் தமிழில் சரளமாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் கேட்டாலும் நாலு சொல்லில் சமாளித்துவிடுவீர்கள். புரியாததை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தால் இரண்டு மொழியும் கைவிட்டுவிடும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், குடுவையை நினைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, "பெர்மாங்கனேட்டை ஏன் நேராக நிறுத்துப் படித்தரக் கரைசல் ஆக்கக் கூடாது?" என்று கேட்கிறார்கள், உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. பெர்மாங்கனேட் பாட்டில் எப்படி இருந்தது? பழுப்புக் கண்ணாடி. ஏன்? வெளிச்சத்தில் கெடும். பழைய பாட்டிலின் அடியில் என்ன இருந்தது? பழுப்புப் படிவு, அதுதான் மாங்கனீஸ் டை ஆக்சைடு. நீரில் உள்ள கரிமப் பொருளோடும் பெர்மாங்கனேட் வினைபுரியும். ஆக, சுத்தமாகக் கிடைப்பதும் இல்லை, வைத்தால் வலிமை நிற்பதும் இல்லை. அதனால்தான் முதல் டைட்ரேஷனே இருக்கிறது, மோர் உப்பை வைத்து அதன் வலிமையை முதலில் தெரிந்துகொள்கிறோம். கண்ணால் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தால் பதில் தானாக நூல் பிடித்து வரும்.

கடைசியாக, தாவரவியல் மாணவி என்பதால் உங்களிடம் "இந்தப் பெர்மாங்கனேட் உன் பாடத்தில் எங்கே வருகிறது?" என்று கேட்க வாய்ப்பு உண்டு. நம்மைச் சுற்றித் தேயிலைத் தோட்டம். தேயிலையில் உள்ள டானினை அளக்கப் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் ஒரு பழைய முறை. அங்கே இளஞ்சிவப்பை நம்ப முடியாது, டீ டிகாஷனே நிறம். அதனால் இண்டிகோ கார்மைன் என்ற நீல நிறங்காட்டியைச் சேர்த்து, நீலம் போய்ப் பொன்மஞ்சள் வருவதை முடிவுநிலையாக எடுப்பார்கள். உங்கள் சோதனையில் பெர்மாங்கனேட்டே தனக்கு நிறங்காட்டி, அங்கே வெளியிலிருந்து ஒன்று தேவைப்படுகிறது. ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாயில் நீர்த்த டிகாஷன், இரண்டு சொட்டுக் கந்தக அமிலம், பிறகு ஒரு சொட்டுப் பெர்மாங்கனேட் விட்டுப் பாருங்கள், ஊதா எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று. மேடத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குழாயில் பழுப்புக் கறை ஒட்டிக்கொண்டால் மிச்சம் இருக்கும் ஆக்சாலிக் அமிலத்தோடு கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து அலசுங்கள், போய்விடும். ஏன் போகிறது என்பதற்கான பதிலும் மேலே எழுதிய சமன்பாட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. பழுப்பு மாங்கனீஸ் டை ஆக்சைடையும் ஆக்சாலிக் அமிலம் நிறமற்ற மாங்கனஸ் உப்பாக ஒடுக்கிவிடும்.